அரை டின் அரிசி

என் மகள் சிவகாமி மூன்று மாதம் தவணை கொடுத்தாள். அதற்குள் இரத்தத்தில் இனிப்பு இறங்காவிட்டால் நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு செராஸில் அவளோடு போய் இருக்க வேண்டும்.

"நீங்கள் தனிய இருந்து கடைச் சாப்பாட்டில உடம்பைக் கெடுக்கிறீங்கள் அப்பா. அறை ரெடி."

அவள் சொன்னது பொய்யில்லை. மனைவி காலமான பிறகு இரண்டு வருடமாக மதியம் வாழையிலைக் கடைப் பொட்டலம், இரவு ரொட்டி சானாய். கடைக்காரர் விஜயன் என் தலையைக் கண்டாலே 'புங்குஸ்', அதாவது பொட்டலம், கட்டத் தொடங்கிவிடுவார். அந்தப் பொட்டலத்துச் சோறு இரண்டு பேருக்குப் போதும். கொட்டினால் பாவம் என்று நானே இரண்டு பேராகிவிடுவேன். ரயில்வே ஆபீசில் முப்பத்தோரு வருடம் போட்ட பெல்ட்டில் ஓட்டை போதாமல் ஆணியைச் சுட்டுப் புது ஓட்டை போட்டவன் நான். ஆனாலும் செராஸுக்குப் போக எனக்குத் துளியும் மனமில்லை. மகள் வீட்டில் எல்லாரும் அன்பானவர்கள்தான். காலையில் எழுந்து என் ஜன்னலைத் திறந்து, என் ரேடியோவைப் போட்டு, என் தேநீரை நானே போட்டுக் குடிக்கும் சுகம் அங்கே கிடையாது.

கிளினிக்கில் தங்கமணி என்ற நர்ஸ் வழி சொன்னாள். பால் டின்னில் அரை டின் அரிசி, அதுதான் ஒரு நாளைக்கு. வடித்ததும் சாப்பிட உட்காருவதற்கு முன்பே இரவுக்குரியதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன். தட்டும் சின்னதாக இருக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் பாசார் சந்தைக்குப் போக வேண்டும். பசியோடு போனால் கை நீளும்.

நான் பிடிவாதக்காரன். வீட்டிலிருந்த சீனியை ஒரு மணி விடாமல் கொட்டினேன். எட்டுப் பேருக்குச் சோறு வடித்த பானையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பால் காய்ச்சும் சட்டியில் அரை டின் அரிசி போட்டேன். பாசாரில் தெங்கிரி மீனை ஆறு துண்டாக வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தேன். தினமும் ஒன்றுதான் வெளியே வரும். பொட்டலம் வாங்குவதை அடியோடு விட்டேன். விஜயன் என்னைத் தெருவில் பார்த்து, "என்ன அங்கிள், கோபமா லா?" என்று கேட்டார்.

தகராறு முட்டைக்கோஸில் வந்தது. காய்கறிக்கார இராஜம்மாவிடம் பாதி கேட்டேன்.

"பாதிய வெட்டிட்டா மீதிய யாரு வாங்குவா அங்கிள்? முழுசா எடுத்துட்டுப் போங்க."

முழுசாகவே எடுத்து வந்து, ஐந்து நாள் கோஸ் தின்று, அதன் முகத்தையே வெறுத்தேன்.

அந்த ஐந்தாம் நாள்தான் எதிர்வீட்டு மார்க்கிரட் டீச்சர் கதவைத் தட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அவரும் ஒற்றை ஆள். கையில் பெரிய எவர்சில்வர் கிண்ணம், அது நிறைய இறால் பால்கறி.

"தனியச் சமைக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். இந்தாங்கோ."

கோஸைத் தின்ற நாக்கு எப்படி வேண்டாம் என்று சொல்லும்? அன்றைக்குச் சொர்க்கத்தைப் பார்த்தேன். சாப்பிட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் ஆட்களிடம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பும் வழக்கம் கிடையாது. ஒன்றுமில்லை என்றால் என் மனைவி ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பாள். என் வீட்டில் இப்போது அதுவும் இல்லை. ஆகவே ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தது போக மிச்சத்தை நானே தின்றேன். மூன்றாம் நாள் கிண்ணம் புட்டோடு திரும்பி வந்தது. நான் பருப்பும் வடையும் அனுப்பினேன். அங்கிருந்து கொழுக்கட்டை வந்தது.

ஆனால் அரை டின் அரிசி ஒரு நாளும் முக்கால் டின் ஆகவில்லை. அந்த நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாம் மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். இனிப்பு முதலில் பதினொன்று இருந்தது, இப்போதும் பதினொன்று. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தினமும் அரிசி அளவை எழுதி வந்த நோட்டைத் தங்கமணி முன்னால் எறியாத குறையாக வைத்தேன்.

"பாருங்க! நான் வடிச்ச சோறு எல்லாம் இதிலே இருக்கு. ஒரு பருக்கை கூடுதல் இல்ல!"

அவள் நிதானமாகப் புரட்டினாள்.

"வேற யாராச்சும் சாப்பாடு குடுக்குறாங்களா அங்கிள்?"

"எதிர்வீட்டு டீச்சர் குடுப்பாங்க. அது நான் சமைச்சது இல்லையே."

"யாரு சமைச்சதுன்னு வயித்துக்குத் தெரியுமா அங்கிள்?"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். வடையைச் சுட்டு மிச்சத்தைத் தின்றவன் நானே என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம்தான் மிச்சம். வீட்டுக்கு வந்து, கழுவிய கிண்ணத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். இனி அனுப்பாதீர்கள் என்று சொன்னால் டீச்சர் மனம் நோகும். சொல்லாவிட்டால் எனக்கு செராஸ். என்ன போடுவது என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். வேண்டாவெறுப்பாகப் புதிதாக வாங்கிய கோஸ் என்னைப் பார்த்தது. அதை நேர் பாதியாக வெட்டிக் கிண்ணத்தில் வைத்து எதிர்க் கதவைத் தட்டினேன்.

டீச்சர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, எனக்கு முழங்கால் நோ. எடையைக் குறை எண்டு டொக்டர் ஏசிக்கொண்டிருக்கிறார். உங்களுக்குக் கிண்ணத்தை நிரப்பத்தானே நான் ஒவ்வொரு முறையும் ஒரு சட்டி வைக்கிறன்! மிச்சம் ஆருக்கு? எனக்குத்தான்!"

அன்றிலிருந்து கிண்ணம் நிற்கவில்லை, சமைத்த சாப்பாடுதான் நின்றது. அரைக் கோஸ், அரைப் பூசணித் துண்டு, பாதிக் கட்டுக் கீரை என்று போய் வந்தது. ஒருவர் கோஸ் வாங்கினால் மற்றவர் பயற்றங்காய் வாங்குவார். ஒரே காயை ஐந்து நாள் தின்னும் தண்டனை ஒழிந்தது. ஒழிந்ததும் சமையலில் எனக்கு ருசியே வந்துவிட்டது. ஒரு துண்டு மீன், நாலு வெந்தயம், கொஞ்சம் புளி, ஒரு சின்னச் சட்டி. உண்மையைச் சொன்னால், அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் மாதம் இனிப்பு ஏழரை. தங்கமணி அட்டையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவகாமி காரோடு வந்தாள், கையில் என் உடுப்பை அடுக்க வெறும் பெட்டி. அட்டையைக் கொடுத்தேன். அந்த இரண்டு கோட்டை விரலால் தடவினாள்.

"அறைக்குப் புதுத் திரை போட்டனான் அப்பா," என்றாள். குரல் உடைந்தது.

இவள் என்னைக் கூட்டிப்போக நினைத்தது அதிகாரத்தால் அல்ல, பயத்தால் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

"இரு பிள்ளை. சாப்பிட்டிட்டுப் போ."

"உங்களுக்கு மட்டும்தானே சமைப்பீங்கள்?"

முழு டின் அரிசி எடுத்தேன். ஐஸ் பெட்டியில் ஒரே ஒரு மீன் துண்டுதான் இருந்தது. தனக்கென்று மட்டும் அளந்து வாழ்பவன் வீட்டில் வேறு என்ன இருக்கும்? மீன்கறியை இறக்குவதற்குள் எப்படியும் இன்னொன்று வேண்டும்.

கிண்ணத்தை எடுத்தேன். உள்ளே போட எதையும் தேடவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, வெறும் கிண்ணத்தை நீட்டினேன்.

"டீச்சர், மகள் வந்திருக்கிறாள். இரண்டு துண்டு மீன் வேணும்."

"உங்களிட்ட ஒண்டு இருக்குமே. ஏன் ரெண்டு?"

"மற்றது உங்களுக்கு. முழு டின் போட்டிருக்கிறன், வாங்கோ."