எழுநூற்றைம்பது முத்திரை

தென்காசி நகைக்கடையில் உமாதேவிக்கு ஒன்பதாவது வருஷம். ஆரம் பிரிவு அவளுடையது. ஆனியில் பவுன் எழுபத்திரண்டாயிரத்தைத் தொட்டபோது, மேலாளர் ஏசுதாசன் காலையில் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"சனங்க கையில இருக்க துட்டு ஏறல, விலைதான் ஏறுது. மூணு பவுன் வாங்க வந்தவன் ரெண்டோட போயிருதான். வெயிட்டுல விட்டத சேதாரத்துல புடிக்கணும். கனமான சங்கிலிக்கு பத்து பர்சன்ட்தான் போட முடியும். லேசான கல்லு வச்ச செட்டுக்கு இருவத்திரெண்டு போடலாம். பதினெட்டு கேரட்ட காட்டுங்க. பழைய நகைய மாத்தச் சொல்லுங்க. அவங்க தங்கம் நமக்கு வரணும்."

அன்று மதியம், சாரலில் முக்காடு நனைந்தபடி சைதூன் பீவி வந்தாள், மகள் நஸீபாவோடு. அடுத்த மாதம் நஸீபாவுக்குக் கல்யாணம். சைதூன் பீவியின் கணவர் கிதிர் முகம்மது சவூதியில் தம்மாமில் பதினேழு வருஷம் டிரைவராக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த இருபத்திரண்டு கேரட் நாலு பவுன் சங்கிலியை அவள் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"புள்ளைக்கு ஆரம் வேணும். பாக்குறவங்க கண்ணுக்கு நெறைவா இருக்கணும். கைல துட்டு இல்ல."

உமாதேவி மயில் வைத்த செட்டை எடுத்து நஸீபாவின் கழுத்தில் வைத்தாள். பத்துப் பவுன் போலத் தெரிந்தது. நஸீபா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"இது எத்தன பவுனு?"

"கல்லு நீக்கி இருவத்தெட்டு கிராம்க்கா. பதினெட்டு கேரட். இப்ப எல்லாரும் இதத்தான் எடுக்காங்க. உங்க சங்கிலிக்கு நேருக்கு நேர் சரியாப் போச்சு. நீங்க ஒரு ரூவா தர வேண்டாம்."

பில்லில் எல்லாமே இருந்தது. நகையின் பின்னால், ஆயிரத்தில் எழுநூற்றைம்பது பங்குதான் தங்கம் என்று காட்டும் 750 முத்திரையும் இருந்தது. சைதூன் பீவி கேட்காததை உமாதேவி சொல்லவில்லை. அந்த மாதம் அவளுக்கு ஊக்கத்தொகையாக இரண்டாயிரம் வந்தது.

மார்கழியில் கிதிர் முகம்மதுக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலி தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்ய மூன்றரை லட்சம் கேட்டார்கள். பவுன் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தது. நகை இருக்கிறதே என்ற தைரியத்தில் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள்.

உமாதேவி செட்டை எடை போட்டுப் பார்த்தாள். கல்லின் எடையைக் கழித்து, பதினெட்டு கேரட் விலையைப் போட்டு, கடையின் பிடித்தத்தையும் கழித்தாள்.

"ரெண்டு லட்சத்து எழுவத்தி நாலாயிரம் வருதுக்கா."

சைதூன் பீவி சிரித்தாள். தப்பாகக் கூட்டிவிட்டாள் என்று நினைத்தாள்.

"அப்பவே இது ரெண்டு லட்சத்து எழுவத்தொம்பதாயிரமாச்சே. வெல இம்புட்டு ஏறியிருக்கே?"

"ஏறுனது தங்கம்க்கா. நீங்க குடுத்ததுல நாப்பத்தஞ்சாயிரம் சேதாரத்துக்கும், பதினெட்டாயிரம் கல்லுக்கும் போயிருச்சு. அது திரும்பாது."

"எஞ் சங்கிலி இருந்திருந்தா?"

ஏசுதாசன் இரண்டு மேஜை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உமாதேவி கால்குலேட்டரைத் தொடவே இல்லை. தொடாமலே அவளுக்குத் தெரியும்.

"மூணு லட்சத்து எம்பதுக்கு மேல."

நஸீபா உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் உம்மா ஆசப்பட்டேன்" என்று அழுதாள். சைதூன் பீவி மகளைப் பார்க்கவில்லை. உமாதேவியைத்தான் பார்த்தாள்.

"ஒரு பவுன் சுத்தத் தங்கம் எங்கிட்டருந்து போயிருக்கு. அத ஒனக்குத் தெரியும். அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

உமாதேவி செட்டைத் தராசிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஏசுதாசன் பக்கத்தில் வந்தார்.

"ஒம்பது கேரட்ல ஒண்ணு புதுசா வந்திருக்கும்மா. பாதிப் பணத்துக்கு அத எடுத்துக்கிட்டீங்கன்னா, மாப்ள வீட்ல கழுத்து வெறுமையாத் தெரியாது."

"எனக்குப் பணம்தான் வேணும் சார்" என்றாள் சைதூன் பீவி.

பணத்தை வாங்கிப் போனார்கள். பாக்கி எழுபத்தாறாயிரம் கிடைக்கவில்லை. கிதிர் முகம்மதை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வரிசையில் அவருக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். பதினொன்றாம் நாள் அங்கேயே இறந்துபோனார்.

செய்தி கடைக்கு வந்த அன்று உமாதேவி ஏசுதாசனிடம் போய் நின்றாள். "என்னயக் கொலுசுப் பிரிவுக்கு மாத்திருங்க."

"அங்கன சம்பளம் கொறயும்."

"கொறயட்டும்."

மாற்றினார்கள். மயில் செட்டை மெருகேற்றி, புது விலைச் சீட்டுக் கட்டி மறுபடியும் கண்ணாடிக்குள் வைத்தார்கள். உமாதேவியின் இடத்துக்கு வந்த ஜெயபிரியா, மூன்றாம் நாளே அதைக் கடையம் ஊர்க் கல்யாணக்காரர்களுக்கு விற்றுவிட்டாள். அவர்களும் பழைய சங்கிலியைத்தான் மாற்றினார்கள். பத்தடி தள்ளி நின்ற உமாதேவிக்குப் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது. அங்கே போய் உண்மையைச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.