அறுபத்தோரு ஃபைல்கள்

மருந்து வேளையை நினைவூட்டும் செயலி எங்களுடையது. அதன் நிரலில் அறுபத்தோரு ஃபைல்களில் பெயர்களை மாற்றிய கையோடு, நேரக் கணக்கில் ஒரு வரியையும் தொட்டேன். எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டாகச் சரிபார்ப்புக்கு அனுப்பினேன். விளக்கம்: 'சின்னச் சின்ன திருத்தங்கள்'. சரிபார்க்கும் அக்கா ஐந்தே நிமிடத்தில் அப்ரூவ் செய்தார்.

மறுநாள் எட்டரை மணி நினைவூட்டல்கள் ஒன்பதுக்குப் போயின. நோயாளிகள் போனில் பிடித்துக்கொண்டார்கள்.

"பாத்துட்டுதானே அப்ரூவ் பண்ணீங்க?" என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"பத்து ஃபைல் பாத்தேன். எல்லாம் பேர் மாத்தினது. மிச்சமும் அதான்னு விட்டுட்டேன்."

சரிசெய்யும் ஒற்றை வரியை மட்டும், ஏன் மாற்றுகிறேன் என்று விளக்கி அனுப்பினேன். உடனே கேட்டார்:

"எட்டேகாலுக்கு மருந்து போடறவங்களுக்கு இது சரியா வருமா? சோதிச்சியா?"

இப்படித் தனியாக அனுப்பியிருந்தால் நேற்றே கேட்டிருப்பார். அந்த வரியை அவர் கண்ணில் படாமல் புதைத்தது நான்தான்.