அளவுக்கு ஒரு கை

நண்பர்கள் அவரை ஃபோகஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும் அளவுக்கு அகலமான தோள். படம் எடுப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம். சொந்தமாக வைத்திருந்த ஸ்டுடியோவை மூடிய பிறகு அந்த அபிப்பிராயத்தைக் கேட்க வீட்டில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி மனைவி. இன்னொன்று சுவர்.

கைவினைப் பொருட்களை இணையத்தில் விற்கும் கடை மனைவியுடையது. பிரம்புக் கூடை, கோரைத் தட்டு, ஓலைப் பெட்டி எல்லாம் அதில் இருந்தன. அவள் செல்போனில் எடுத்துப் போட்ட படங்களைப் பார்த்து ஃபோகஸுக்கு வயிறு எரிந்தது. கூடை படத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது; அது பெரிசா சிறிசா, வழவழப்பா சொரசொரப்பா என்று ஒன்றும் தெரியவில்லை.

"படத்துல ஒரு கை வேணும். மனுஷன் கை எவ்வளவு பெரிசுன்னு எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்த்தா கூடையோட அளவு தானா புரிஞ்சிடும்" என்றார்.

"கைக்கு யாரைக் கூப்பிடறது?"

"எதுக்குக் கூப்பிடணும்? எனக்கு ரெண்டு இருக்கே."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் முன்னறை ஸ்டுடியோவானது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி மேசையைப் போட்டார். அப்போதுதான் ஒவ்வொரு பின்னலுக்கும் பின்னால் மெல்லிய நிழல் விழுந்து, தொட்டுப் பார்க்கலாம் போல அது எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. கை கூடைக்கு முன்னால் வந்தால் பெரிதாகத் தெரியும், பின்னால் போனால் சிறிதாகத் தெரியும் என்று கூடை விளிம்போடு ஒட்டியே வைத்தார். மணிக்கட்டு முடியை மழித்தார். உள்ளங்கைக்கு எண்ணெய் தடவி, பளபளப்பது பிடிக்காமல் துடைத்தார். ட்ரைபாடில் கேமராவின் டைமரை அழுத்திவிட்டு ஓடி வந்து, தியானத்தில் இருப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூடையைப் பிடிப்பார். முகம் படத்தில் வராது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் வைத்துக்கொள்வார்.

படங்கள் பிரமாதமாக வந்தன. கூடைகள் பறந்தன. ஃபோகஸ் குளியலறையில் பாட ஆரம்பித்தார்.

பறந்த கூடைகள் திரும்பி வந்து இறங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 'துணி போட வாங்கினேன், நாலு துண்டு வைத்தால் நிறைந்துவிட்டது' என்றார் ஒருவர். 'படத்தைப் பெரிதாக்கி ஏமாற்றுகிறீர்கள்' என்றார் இன்னொருவர். அளவு படத்துக்குக் கீழே சென்டிமீட்டரில் தெளிவாக எழுதியிருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? ஒரு வாடிக்கையாளர் தன் கையை அதே கூடையில் அதே மாதிரி வைத்துப் படம் எடுத்தே அனுப்பியிருந்தார். அவர் கைக்கு முன்னால் கூடை பாதி இளைத்துப்போய் நின்றது.

"செல்போன் லென்ஸ். கையைக் கேமராவுக்குப் பக்கத்துல நீட்டியிருக்காங்க. இதெல்லாம் விஷயம் தெரியாதவங்க எடுக்கற படம்" என்று தள்ளிவிட்டார் ஃபோகஸ்.

கடைக்கு இடம் கொடுத்திருந்த இணையதளம் அப்படித் தள்ளிவிடவில்லை. இத்தனை பொருள் திரும்பி வரக் காரணம் என்ன என்று இந்த வாரத்துக்குள் எழுத வேண்டும், நம்பும்படி இல்லையென்றால் கடையை மூடிவிடுவோம் என்று கடிதம் வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பார்த்த வேலையை விட்டுவிட்டு அவள் ஆசை ஆசையாக ஆரம்பித்த கடை அது.

மறுநாள் கடைக்குக் கூடை பின்னித் தரும் அக்கா வந்தார். திரும்பி வந்த கூடைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"கூடை சின்னதா இருக்குன்னா என்னைத்தானே சொல்றாங்க? நான் அளவுல கை வைக்கறவ இல்ல தம்பி. இதோ பாருங்க, வாய் ஒன்றரை சாண்" என்று விரல்களை விரித்து விளிம்பின் குறுக்கே அளந்து காட்டினார். சரியாக ஒன்றரை.

"உங்களைச் சொல்லலக்கா. நானும் அளந்துதான் பார்த்தேன், கூடை பெரிசாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொல்லியபடி ஃபோகஸ் தன் கையை விரித்து வைத்தார். "பாருங்க, ரெண்டு சாண்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

அக்கா கூடையைப் பார்த்தார். ஃபோகஸின் கையைப் பார்த்தார். ஆறடி ஆளை அண்ணாந்து பார்த்தார். பிறகு பாவம், ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றார். மனைவி மின்விசிறி சுற்றுவதை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோகஸ் தன் கைகளைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பினார். இத்தனை வருஷமாகக் கூடவே இருந்தவை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையனின் கைகளை எடுத்து யாரோ அவர் மணிக்கட்டில் ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது. உலகத்துக்கே அளவு காட்டக் கிளம்பிய கை.

அக்கா போன பிறகு கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான நாள்லேருந்து தெரியும்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"ஸ்டுடியோ போனதுக்கப்புறம் நீங்க பாடினதே இப்பதாங்க. எனக்குச் சொல்ல மனசு வரல." அவள் மடிக்கணினியைத் திறந்தாள். "விடுங்க. வெளிச்சம் சரியில்லை, படம் சரியா வரலன்னு எழுதி அனுப்பிடறேன். ஒத்துக்குவாங்க."

ஃபோகஸுக்குச் சுருக்கென்றது. "வெளிச்சம் சரியில்லையா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"பின்னல் பின்னலா எண்ணலாம் அந்தப் படத்துல. வெளிச்சத்துல என்ன குறை கண்டே?"

"ஒரு குறையும் இல்லைங்க. ஆனா வேற என்னன்னு எழுதறது?"

அறைக்குள் மூன்று நடை நடந்தார். மோசமான படக்காரனா, பொடிக்கைக்காரனா? இரண்டில் ஒன்றாகத்தான் ஊர் அவரைத் தெரிந்துகொள்ளப் போகிறது. மானம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். அது கையில் இல்லை, கேமராவில் இருந்தது. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து அவரே தட்டினார்.

'வெளிச்சம் சரி. லென்ஸ் சரி. கூடையும் சரி. படத்தில் இருக்கும் கை என்னுடையது, அது சின்னது. எல்லாப் படங்களையும் வேறு கையோடு மறுபடி எடுக்கிறோம்.' நம்பவேண்டுமே என்று தன் கையை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து இணைத்தார். அதற்கும் பக்கவாட்டு வெளிச்சம்தான்.

சாயங்காலமே பதில் வந்தது. படங்களை மாற்றுங்கள், கடை இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். மனைவி நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை; இரண்டும்தான் என்று பட்டது.

மறுநாள் காலை அவளை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார். அவள் கூடையைப் பிடித்தாள். ஃபோகஸ் கேமரா வழியாகப் பார்த்தார். விரல்கள் மடங்கி, உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டிருந்தன.

"ஏன் மடக்கி வச்சிருக்கே?"

"பழக்கமாயிடுச்சுங்க" என்றாள் அவள், கூடையைப் பார்த்துக்கொண்டே.

என்ன பழக்கம் என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். தெருவில், பேருந்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எத்தனையோ தடவை அந்தக் கையைப் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது மடங்கித்தான் அவர் கைக்குள் வந்திருக்கிறது. தன் கை பெரியது, அதனால் அடங்குகிறது என்று நினைத்திருந்தார். கேமராவுக்குப் பின்னால் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"விரிச்சு வை" என்றார். "நல்லா விரிச்சே வை. நான் தாங்கிக்குவேன்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். நீளமான விரல்கள். கூடை அதன் உண்மையான அளவுக்கு வந்தது.