வைக்க, கொடுக்க, தைக்க, கழிக்க

"மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மனிதன் எடுத்த முடிவுகளின் வரலாறே!" என்று ராஜபாளையத்து வியாபாரிகள் கூட்டத்தில் சுயம்புலிங்கம் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது. அன்று காலை பனியன் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் மனைவியை மூன்று முறை கூப்பிட்டிருந்தார்.

எண்பத்தேழாம் வருஷம். பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக ஏற்பாடு. அதற்குள் இரும்பு பீரோவைக் காலி செய்து நகர்த்த வேண்டும். வியாழக்கிழமையே அவர் மனைவி செல்லக்கனி பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டாள். வைக்க, கொடுக்க, தைக்க, கழிக்க.

அவளுக்கென்று சட்டங்கள் இருந்தன. இரண்டு தீபாவளி தாண்டியும் உடம்பில் ஏறாத துணி வீட்டில் இருக்கக்கூடாது. சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மறுபக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தால் கழிவு. கழிவிலும் பருத்தி என்றால் கணவரின் பாக்டரிக்கு, மிஷின் துடைக்க. நைலக்ஸ் சேலை எண்ணெயை உறிஞ்சாது, அது குப்பைக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கிழிந்ததைத் தைக்காமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது.

'வைக்க' பத்தியில் முதல் வரி, முகூர்த்தப்பட்டு. 'தைக்க' பத்தியில் ஏழாவது வரி: "கத்திரிப்பூ கலர் சபாரி. பேண்ட் பின்தையல் ஒரு சாண் விட்டிருக்கு."

அந்த நிறத்தில் சபாரி சுற்றுவட்டாரத்தில் சுயம்புலிங்கம் ஒருவரிடம்தான் உண்டு. அரை மைலுக்கு அப்பால் வந்தாலும் முதலாளி வருகிறார் என்று தெரியும். ஒரு வாரமாக அதுதான் முதலாளியின் கவலை.

அவருடைய பேண்டேஜ் துணி பாக்டரியில் சிவனாண்டி என்ற பையனின் மூன்று விரல்களை மிஷின் இழுத்துக்கொண்டது. "கவனக்குறைவு" என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினார். அவனுடைய அண்ணன் சங்கிலிப்பாண்டி வ. புதுப்பட்டியிலிருந்து வந்து, பாக்டரி கேட்டுக்கு முன்னால் நின்று ஊர் கேட்கச் சொன்னான்:

"எந்தம்பிக்கு விரலு. இவனுக்குக் கையி. பொங்கலுக்குள்ள எடுக்கேன்!"

"அச்சம் என்பது அறியாமையின் குழந்தை" என்று சுயம்புலிங்கம் நண்பர்களிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சங்கிலிப்பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாகச் சேதி வந்தது. மனைவி கோயிலுக்குப் போன நேரம் நோட்டை எடுத்தார். ஏழாவது வரியை அடித்து, 'கொடுக்க' பத்தியின் அடியில் தம் கையால் எழுதினார்: "சபாரி. வாட்ச்மேன் ராக்கப்பனுக்கு."

ராக்கப்பனுக்கு முதலாளியின் உயரம், முதலாளியின் முதுகு. சனிக்கிழமை காலை சபாரியைப் போட்டதும் அவன் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு மொதலாளி எனக்குப் போயி…"

"உழைப்பவனுக்கு மரியாதை வேண்டும் ராக்கப்பா. கழட்டாதே. இப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போ. நாலு பேர் பார்க்கட்டும்."

நாலு பேர் பார்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய சந்தில், சங்கிலிப்பாண்டியும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும்.

முதல் வெட்டு வலது தோளில் விழுந்தது. கத்திரிப்பூ கறுத்தது. ராக்கப்பன் குப்புற விழுந்தான். இரண்டாவது வெட்டு முழங்கையில் எலும்பைத் தொட்டு நின்றது. மூன்றாவதற்கு அரிவாளை ஓங்கிய சங்கிலிப்பாண்டி அப்படியே நின்றான். விழுந்த வேகத்தில் பேண்டின் பின்தையல் இடுப்புவரை பிரிந்து, உள்ளே நீலக்கோடு போட்ட பட்டாபட்டி தெரிந்தது.

"ஏலே, நிறுத்துங்கலே! பாக்டரி மொதலாளி பட்டாபட்டியா போடுவான்?"

புரட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே பாண்டி… நாந்தாம்லே, ராக்கப்பன்" என்றான் கீழே கிடந்தவன். "மொதலாளி இன்னைக்குக் காலைலதாம்லே குடுத்தாரு. நடந்தே போன்னாரு. நாலு பேரு பாக்கட்டும்னாரு."

சங்கிலிப்பாண்டி அரிவாளை முதுகில் செருகினான். பிறகு தன் துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினான். வெட்டிய நாலு பேரும் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பதினாறு தையல். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் சங்கிலிப்பாண்டி தனியாக ராஜபாளையம் பஸ் ஏறினான்.

அதே நேரத்தில் செல்லக்கனி தையல்காரருக்கு அனுப்ப வேண்டிய பையை நோட்டோடு சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு உருப்படி இருந்தது. ஏழாவது இல்லை. அடித்த வரியைப் பார்த்தாள். அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

"கிழிஞ்சத எப்படி ஒரு மனுசனுக்குக் குடுத்திய?"

"தானத்தில் குறை பார்க்கக்கூடாது கனி."

"அத மாட்டிக்கிட்டு எங்க போயிருக்கான்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்."

அவள் நோட்டை மூடினாள். "வெட்டு விழட்டும்னா அனுப்புனிய? அவனுக்கும் பொண்டாட்டி இருக்காவல்லா!"

சுயம்புலிங்கம் பதிலுக்கு ஒரு பொன்மொழியைத் தேடினார். கிடைப்பதற்குள் கேட்டை யாரோ எட்டி உதைத்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பீரோ காலியாக நின்றது. தட்டுகளைக் கழுவுவதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். அடியில் முகூர்த்தப்பட்டு மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தது. நாகரிகத்தின் வரலாற்றாசிரியர் அதன்மேல் ஏறி நின்று கதவைச் சாத்திக்கொண்டார். செல்லக்கனி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். எதற்காகப் பூட்டினாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

சங்கிலிப்பாண்டி சட்டையெல்லாம் ரத்தம். அது ராக்கப்பன் ரத்தம்.

"எங்க அவன்?"

"ராக்கப்பன் இருக்கானா?" என்று கேட்டாள் அவள்.

"இருக்கான். பதினாறு தையலு. பேண்ட்டு கிழிஞ்சிருந்ததால பொழச்சான். இவன் எங்க?"

அவள் துணிக்குவியல்களைக் காட்டினாள். "வீட்டுல உள்ளது அம்புட்டும் வெளியதான் கெடக்கு."

ஆத்திரத்தில் அவன் அரிவாளைப் பீரோவின் கண்ணாடியில் வீசினான். கண்ணாடி நொறுங்கித் தரையெங்கும் சிதறியது. அடுத்த வெட்டில் தகரம் பிளந்தது. பீரோ, "அய்யோ அம்மா!" என்றது.

சங்கிலிப்பாண்டி திரும்பிப் பார்த்தான். "சாவியக் குடு தாயி."

"தாரேன். பொறவு நீ ஜெயிலுக்குப் போவ. விரலில்லாத தம்பிக்கு யாரு சோறு போடுவா? ராக்கப்பனுக்கு யாரு போடுவா?" என்றவள் பீரோவைப் பார்த்துக் கேட்டாள். "என்னங்க, சிவனாண்டிக்குத் திரும்ப வேலை உண்டா?"

"உண்டு" என்றது பீரோ.

"சத்தமா."

"உண்டு! உண்டு!"

"ராக்கப்பன் படுத்திருக்க வரைக்கும் சம்பளம்?"

பீரோ யோசித்தது. சங்கிலிப்பாண்டி பிளவுக்குள் அரிவாள் நுனியை விட்டான்.

"முழுச் சம்பளம்!"

"மாத்திப் பேசினா திரும்ப வருவேன்" என்று பீரோவிடம் சொல்லிவிட்டு அவன் போனான். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. செல்லக்கனி கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, பிறகு நிதானமாகப் பூட்டைத் திறந்தாள்.

சுயம்புலிங்கம் நிமிர்ந்து வெளியே வந்தார். "நெருக்கடியில் நிதானம் இழக்காததால்தான் பேச்சுவார்த்தை வெற்றி பெற்றது" என்றார்.

செல்லக்கனி குனிந்து பீரோவுக்குள் பார்த்தாள். நோட்டை எடுத்து, 'வைக்க' பத்தியில் முதல் வரியை அடித்தாள். முகூர்த்தப்பட்டில் அவர் மூத்திரம் போயிருந்தார்.