எண்பத்தொன்றின் மீதி

ஆய்வறையில் எல்லோரும் அவளை 'இருபத்துமூணு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதல்ல, வயது முப்பத்தொன்று. மூன்று வருடம் நாலு மாதமாக அவள் கட்டிக்கொண்டு அழும் எண் அது. அவளுடைய சமன்பாட்டில் மூன்று மாறிகள், ஏழு உறுப்புகள், அதில் நாலு உறுப்புகள் 23-ன் மடங்கு. அதற்கு முழு எண்களில் ஒரு தீர்வு, ஒரே ஒரு தீர்வு கிடைத்தால் போதும். ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயமும் ஆறாம் அத்தியாயமும் 'மேற்கண்ட தீர்விலிருந்து' என்றுதான் ஆரம்பிக்கின்றன. மேற்கண்ட தீர்வுதான் இன்னும் கண்ணில் படவில்லை.

மூலையில் இருந்த கணினி ராப்பகலாகத் தேடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'தயவுசெய்து அணைக்காதீர்கள்.' ஈரம் பட்டு, மஞ்சளாகி, இரண்டு தடவை மாற்றி ஒட்டிய சீட்டு.

வீட்டில் அக்கா. செவிலியர் வேலை. பகலில் அடுத்தவர் வீட்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பார்வைச் செவிலியர் வேலைக்கு அவளை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும், "தங்கச்சி படிப்பு முடியட்டும்" என்று மறுத்துவிட்டாள். தங்கைக்குப் பட்டம் வந்தால் உள்ளூர்க் கல்லூரியிலேயே வேலை, அப்பாவை அவள் பார்த்துக்கொள்வாள், அக்கா கிளம்புவாள். அதுதான் ஏற்பாடு. இப்போது மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். பதில் சொல்ல இன்று சாயங்காலம் வரை நேரம்.

காலையில் அப்பாவின் முதுகில் பவுடர் போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள், தினமும் கேட்பதுபோல. "வந்துச்சாடி?"

"இன்னும் இல்லக்கா. இன்னிக்கு மூணு மணிக்கு ஆய்வுக் குழு கூடுது. கடைசியா ஒரு ஆறு மாசம் கேக்கப் போறேன். குடுத்துடுவாங்க."

"ஆறு மாசம்தானே?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் கேட்டாள். இலவு காத்த கிளிக்குக்கூட ஒரு நாள் கோபம் வந்திருக்கும், இவளுக்கு வராது.

குழு கூட இரண்டு மணி நேரம் இருந்தது. சும்மா உட்கார முடியாமல், இளங்கலை மாணவர்களின் சிறுதேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தாள். முதல் கேள்வி சின்னப் பிள்ளைகள்கூடப் போடக்கூடியது: 23-ன் வர்க்க மீதிகள் எல்லாவற்றையும் எழுதுக. ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்து, 23-ஆல் வகு, மீதியை எழுது. பன்னிரண்டிலிருந்து அதே மீதிகள்தான் திரும்பி வரும். ஆக மொத்தம் பதினொரு மீதிகள். விடைக்குறிப்பை அவள் புதிதாகப் போடவில்லை. அதற்கென்ன அவசியம்? ஆராய்ச்சி நோட்டின் முதல் பக்கத்திலேயே அந்த அட்டவணை இருந்தது. அப்படியே பார்த்து எழுதிக்கொண்டாள்.

முதல் தாளில் 12 என்று ஒரு மீதி இருந்தது. அவள் குறிப்பில் 12 இல்லை, 11 இருந்தது. சிவப்பில் சுழித்து அரை மார்க் குறைத்தாள். இரண்டாவது தாளிலும் 12. மூன்றாவதிலும் 12. "அடப்பாவிங்களா, பாத்து எழுதுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? ஒருத்தன் தப்புப் பண்ணா வரிசையா அத்தன பேருமா?" என்று வாய்விட்டே திட்டினாள். ஒன்பது தாள் வரை திட்டிக்கொண்டே சுழித்தாள். சிவப்புப் பேனாவில் மை தீரும் அளவுக்குக் கோபம்.

பத்தாவது தாள் அம்மை போட்டு வராமல் இருந்த பெண்ணுடையது. அவளுக்குத் தனியாக, மறுவாரம், இதே அறையில், இதே மேசைக்கு எதிரில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்தது இவள்தான். அந்தப் பெண் யாரையும் பார்த்து எழுதியிருக்க முடியாது. அந்தத் தாளில் குண்டுகுண்டான எழுத்தில் இருந்தது: 9² = 81 = 69 + 12.

அறுபத்தொன்பது, மூவிருபத்துமூன்று. மிச்சம் பன்னிரண்டு.

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. எழுந்து போய் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்பதுக்கு நேராக அவளுடைய பழைய கையெழுத்து: '81. 4 × 23 = 92. 11.' தொண்ணூற்றிரண்டுக்குப் பதினொன்று குறைகிறது. குறைகிறது! மைனஸ் பதினொன்று என்று போட்டு, அதோடு இருபத்துமூன்றைக் கூட்டிப் பன்னிரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டாள். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது எவ்வளவு சரியான பேச்சு.

பக்கத்திலேயே பச்சை மையில் அவளுடைய ஆய்வு வழிகாட்டியின் 'சரி', கீழே சுருக்கக் கையெழுத்து. அன்று அவர் எண்ணிப் பார்த்தார்: மீதிகள் பதினொன்று இருக்கின்றனவா? இருந்தன. பிறகு ஜோடி பார்த்தார். 23-க்கு ஒரு குணம் உண்டு. கூட்டினால் இருபத்துமூன்று வரும் இரண்டு எண்களில் ஒன்று வர்க்க மீதியாக இருக்கும், மற்றது இருக்காது. அதுவும் சரியாகவே இருந்தது. பன்னிரண்டு வெளியே, பதினொன்று உள்ளே. இடம் மாறி உட்கார்ந்திருந்த அந்த இரண்டும் ஒரே ஜோடி! எந்தச் சோதனையிலும் சிக்காத இடமாகப் பார்த்துத் தவறியிருக்கிறாள். ஒரே ஒரு பெருக்கல் போட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். மூன்று உள்ளே, நான்கு உள்ளே. இரண்டு வர்க்க மீதிகளைப் பெருக்கினால் வர்க்க மீதிதான் வரும். மூநான்கு பன்னிரண்டு எங்கே போயிற்று? யாரும் கேட்கவில்லை.

தன் சமன்பாட்டை எடுத்தாள். 23-ன் மடங்குகளை எல்லாம் தள்ளினால் மிஞ்சுவது x² + 7x + 21. தீர்வு என்று ஒன்று இருந்தால், இது 23-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். நான்கால் பெருக்கினால் (2x + 7)² + 35. ஆகவே (2x + 7)²-க்கு மீதி, மைனஸ் முப்பத்தைந்துக்கு என்ன மீதியோ அதுவாக இருக்க வேண்டும். மைனஸ் முப்பத்தைந்தோடு நாற்பத்தாறைக் கூட்டினால் பதினொன்று. அட்டவணையில் 11 இருக்கிறது, அதனால் தடையில்லை, தேடலாம் என்று அன்று எழுதியிருந்தாள். அந்தப் பதினொன்று அங்கே இருக்கவே கூடாது.

மனம் கேட்கவில்லை. இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்தாள். பதினொன்றைப் பதினொரு தடவை பெருக்கி 23-ஆல் வகுத்தால், வர்க்க மீதியாக இருந்தால் 1 வரும். பதினொன்றின் வர்க்கம் 121, மீதி 6. அதன் வர்க்கம் 36, மீதி 13. அதன் வர்க்கம் 169, மீதி 8. எட்டு, ஆறு, பதினொன்று மூன்றையும் பெருக்கினாள்: 528. மீதி 22. ஒன்று வரவில்லை. அழுது புரண்டாலும் வராது.

வழிகாட்டியின் அறைக்கு நோட்டோடு போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். தன் பச்சைக் கையெழுத்தை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இத வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப பதட்டப்படாத. இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். தேடல் நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லு. அது பொய் இல்லியே, மெஷின் ஓடுதுல்ல? ஆறு மாசம் வாங்கிக்குவோம். சமன்பாட்ட ஏதாவது மாத்திப் பாக்கலாம்."

"மாத்தினா அஞ்சாவது, ஆறாவது அத்தியாயம் நிக்குமா சார்?"

அவர் நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். நல்ல மனிதர்தான், ஆனாலும் தள்ளினார்.

மூன்று மணிக்கு நீள மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். தலைவி, நரைத்த குட்டை முடிக்காரி, விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "ஆறு மாசத்துல கிடைச்சிடும்னு எப்படிச் சொல்றீங்க?"

வழிகாட்டி கூரையைப் பார்த்தார். அவளுக்கு நாக்கில் வார்த்தை தயாராக இருந்தது. 'தேடல் நடந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்போது அக்காவின் "ஆறு மாசம்தானே?" காதில் விழுந்தது. இல்லாத ஒன்றுக்காக இன்னும் ஆறு மாதம் அவளை உட்காரவைப்பதா? அரிச்சந்திரன் ஆகும் ஆசையெல்லாம் இவளுக்கு இல்லை. அக்கா சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத்தான் இனிமேல் வேறு வேலை இல்லையே என்றுதான் தோன்றியது.

"கிடைக்காது மேடம்," என்றாள். "தீர்வே இல்ல."

"நிரூபணம் இருக்கா?"

"இருக்கு. ஒரு வரி."

கரும்பலகைக்குப் போய் எழுதினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள்; ஆட்டாமல் என்ன செய்வார்கள், கணக்கு சரி. கடைசியில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "அப்ப இந்த மூணு வருஷம் எதத்தாம்மா தேடினீங்க?"

அவள் சாக்பீசைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வழிகாட்டி மறுபடி கூரையைப் பார்த்தார். அந்த ஒரு வரிக்குப் பட்டம் தர முடியாது என்று தலைவி இதமாகவே சொன்னாள். புதிதாகத் தொடங்க விதியில் காலமும் இல்லை. பதிவு இன்றோடு முடிகிறது, கீழே அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவளும் போட்டாள்.

ஆய்வறைக்கு வந்தாள். கணினித் திரையில் எண்கள் சளைக்காமல் ஓடிக்கொண்டிருந்தன, பாவம். சீட்டைக் கிழித்துவிட்டு அணைத்தாள். விசிறியின் இரைச்சல் நின்ற பிறகுதான் இத்தனை நாளும் அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"வந்துச்சாடி?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

"வந்துடுச்சுக்கா."

"அய்யோ, என் தங்கம்!" அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. "அப்பா, கேட்டீங்களா, வந்துடுச்சாம்! என்னடி விடை?"

"இல்லங்கிறதுதான் விடைக்கா. எத்தன வருஷம் தேடினாலும் கிடையாது. எல்லாம் போச்சு. பட்டம் கிடையாது. ஆரம்பத்துலயே ஒரு வகுத்தல தப்பாப் போட்டுட்டேன்." அழுகையை அடக்கிக்கொண்டு அவசரமாகச் சொன்னாள். "அது கிடக்கட்டும். நீ இன்னிக்கே அந்த ஆஸ்பத்திரிக்குச் சரின்னு சொல்லிடு. அப்பாவ நான் பாத்துக்கறேன். இன்னும் நேரம் இருக்குல்ல?"

அந்தப் பக்கம் உருண்ட பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"நான் காலையிலேயே எழுதிப் போட்டுட்டேன்டி, வர முடியாதுன்னு. நீதான் இன்னும் ஆறு மாசம்னியே. பத்து மணிக்கெல்லாம் வேற ஆளப் போட்டுட்டோம்னு அவங்களும் பதில் அனுப்பிட்டாங்க." பிறகு, எப்போதும்போன்ற குரலில், "சரி விடு. சாப்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தாள். மேசையில் முப்பத்தெட்டுத் தாள்கள் கிடந்தன. முதல் தாளை இழுத்து, பன்னிரண்டைச் சுற்றியிருந்த சிவப்புச் சுழியை அடித்து, அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு இரண்டாவது தாளை எடுத்தாள்.