ஸ்டோர் முத்திரை இல்லாத இரண்டு டிசி

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் இருக்கும் பனியன் கம்பெனிக்கு மாதம் ஒரே ஒரு பில்தான். ஆனால் லேபிள் போவது தினமும். காலையில் சிறிய சைஸ் நூறு கேட்பார்கள், மத்தியானம் பெரியது இருநூறு, சாயங்காலம் துவைக்கும் முறை அச்சிட்ட லேபிள் ஒரு சுருள். தையல் லைன் எதை ஓட்டுகிறதோ அதற்கு ஏற்றபடி துண்டு துண்டாகக் கேட்பதுதான் அந்தக் கம்பெனியின் பழக்கம். ஒவ்வொரு தடவையும் சரக்கோடு ஒரு டெலிவரி சலான் போகும். திருப்பூரில் எல்லாருக்கும் அது டிசி. வெள்ளைத் தாள் கம்பெனிக்கு. ஸ்டோரில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய மஞ்சள் தாள் திரும்பி வரும். மூன்றாவது தாள் புத்தகத்திலேயே நிற்கும்.

மாதக் கடைசியில் கோமளா மஞ்சள் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, எண், தேதி, சரக்கு, எண்ணிக்கை, தொகை என்று ஒன்றுவிடாமல் பில்லில் எழுதி, கீழே கூட்டி, வாட் வரியைப் போட்டு, மஞ்சள் தாள்களைப் பின்னால் இணைத்துக் கொடுப்பாள். வீட்டை ஒட்டிப் போட்ட ஷெட்டில் லேபிள் அச்சடிப்பது அவள் புருஷன் பூபாலன். டிசி எழுதி வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன்தான். கணக்கு முழுக்க அவள் பொறுப்பு.

அந்த ஆவணி மாதம் பில் எழுத உட்கார்ந்தவள், புத்தகத்தையும் மஞ்சள் தாள்களையும் ஒத்துப் பார்த்தபோது இரண்டு எண்கள் உதைத்தன. புத்தகத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது, கழுத்து லேபிள் என்று இருந்தது, மஞ்சள் தாள் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. மற்ற டிசி எல்லாம் நூறு, இருநூறு. இவை இரண்டும் ஆயிரக்கணக்கில்.

"ஏனுங்க, இந்த ரெண்டு டிசிக்கும் கையெழுத்துத் தாள் எங்கீங்க?"

மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த பூபாலன் திரும்பவில்லை. "அத உடு புள்ள. அது தனி."

"தனின்னா?"

"தனின்னா தனிதான். பில்லுல சேக்க வேண்டாம்."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் கணக்கு விஷயத்தில் அவன் அப்படி வெட்டிப் பேசியதில்லை. போன மாதத்திலிருந்தே செல்போன் அடித்தால் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கம்பெனியின் ஆர்டர் தாளை எடுத்தாள். அந்த மாடலுக்கு எத்தனை உருப்படி, அதற்கு எத்தனை லேபிள், சேதாரத்துக்கு எத்தனை கூடுதல் என்று எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. மஞ்சள் தாள்களைக் கூட்டிப் பார்த்தாள். ஆர்டர் அளவு ஏற்கனவே முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்படியென்றால் இந்த ஆயிரங்கள் எந்தத் துணிக்கு?

அது வெளிநாட்டுக் கடைக்காரனின் பெயர் போட்ட லேபிள். அவன் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு லேபிள் வெளியே நடமாடினாலும் கம்பெனிக்கு வரும் ஆர்டரே கைவிட்டுப் போய்விடும். அச்சடித்தவர்களை அதோடு எவனும் வாசலில் சேர்க்க மாட்டான்.

சோறு போடும்போது மறுபடி கேட்டாள். இந்தத் தடவை பூபாலன் சொல்லிவிட்டான். மேனேஜர் அருள்குமார்தான் கேட்டாராம். தையலில் லேபிள் நிறைய வீணாகிறது, ஆபீசுக்குத் தெரிந்தால் தன்னைத் திட்டுவார்கள், தனியாக அடித்துக் கொடுங்கள், காசு கையில் தருகிறேன் என்றாராம்.

"வீணாப் போறது இத்தன ஆயிரமா?"

"நமக்கெதுக்கு அது? கேட்டவரு மேனேஜர். மாட்டேன்னா அடுத்த மாசம் ஆர்டர் வேற பக்கம் போயிரும்."

அவன் சொன்னதில் பாதிதான் நிஜம் என்று அவளுக்குப் பட்டது. மீதிப் பாதி எது என்றுதான் பிடிபடவில்லை. அவன் கை கழுவும்போது பின்னால் நின்று அவன் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்த தன்னை நினைத்து அவளுக்கே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை அருள்குமார் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் மிக்சர் பொட்டலம். இதற்கு முன் அவன் அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை.

"அக்கா, சும்மா இந்தப் பக்கமா வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு." காபி குடித்துவிட்டு, தம்ளரை வைத்தபடியே கேட்டான். "அந்த ரெண்டு டிசி புக்குல இருக்குதுங்களா? அதக் கிழிச்சுக் குடுத்துருங்கக்கா. எதுக்கு வம்பு?"

"நெம்பர் போட்ட புக்குங்க. நடுவுல கிழிச்சா டேக்ஸ் ஆபீஸ்ல கேப்பாங்க."

"அப்ப கேன்சல்னு எழுதிருங்க."

"எழுதறேனுங்க. அதுக்கு மூணு தாளும் ஒண்ணா இருக்கோணும். வெள்ளத் தாள் உங்ககிட்டதான இருக்குது, குடுங்க."

அருள்குமார் சிரித்தான். "அது எங்கியோ தொலஞ்சு போச்சுக்கா."

கோமளாவும் சிரித்து வைத்தாள். வீணான லேபிளுக்கு மாற்று லேபிள் வாங்கிய மனுஷன், ஒரு மூன்றாம் தாளைத் தேடி ஞாயிற்றுக்கிழமை வருவானா? வெள்ளைத் தாள் தொலைந்திருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. லேபிள் எங்கே இருக்கிறதோ அங்கே அதுவும் இருக்கும். யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே. காட்டினால் அதில் இருப்பது, புத்தகம் வாங்கியதுமே எல்லாத் தாளிலும் அவள் போட்டு வைத்த கையெழுத்து.

அவன் போனதும் புருஷனைப் பிடித்தாள். "நெசத்தச் சொல்லுங்க. லேபிளக் கம்பெனிலதான் எறக்குனீங்களா?"

பூபாலன் மிக்சர் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு, "சோமனூர் ரோட்டுல ஒரு ஷெட்டு," என்றான். "அங்க குடுக்கச் சொன்னாரு. குடுத்தேன்."

கோமளா அன்று பில்லை எழுதி முடித்தாள். அந்த இரண்டு டிசியையும் அவற்றின் தேதி வரிசையில் மற்றவற்றோடு சேர்த்தே எழுதினாள். பக்கத்தில் 'மேனேஜர் சொன்னபடி; ஸ்டோர் முத்திரை இல்லை' என்று சின்னதாகக் குறித்தாள். பூபாலனிடம் சொல்லவில்லை. மறுநாள் அவன் மசி வாங்கச் சாயக்கடைக்குப் போன நேரம் பார்த்து, பஸ் ஏறி நேராகக் கம்பெனிக்குப் போனாள்.

அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் சென்னியப்பன், தலை முழுக்க நரைத்த பெரியவர். பில்லை வாங்கி, ஸ்டோரின் வரவுப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிசி எண்ணாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். கோமளா பெஞ்சு நுனியில் உட்கார்ந்து அவர் பேனாவையே பார்த்தாள். பேனா நின்றது. பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன அம்மிணி, வராத சரக்குக்குப் பில்லா?"

"மேனேஜர் கேட்டு அடிச்சதுங்க சாமி. அவரயே கேளுங்க."

"எத்தன நாளா நடக்குது இது? தெனம் நாலு டிசி, மாசக் கடைசில பெரிய பட்டியல். நடுவுல ரெண்டச் சொருகுனா கெழவன் கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்?"

கோமளாவுக்கு முகம் சுட்டது. கேட்பார்கள் என்று தெரிந்துதான் எழுதினாள். கேள்வி தன் மேலேயே திரும்பும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அருள்குமாரை அழைத்தார்கள். பில்லைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி வெளிறியது. அடுத்த நொடி பழைய சிரிப்பு.

"நான் எதுவும் கேக்கலீங்க. பூபாலன்தான் கொஞ்ச நாளா ஒரு மாதிரி. எங்க லேபிள வெளிய விக்கறாருன்னு எனக்கே சந்தேகம். மாட்டிக்குவோம்னு இப்ப அக்காவ அனுப்பிருக்காப்ல."

கேட்பவர்களுக்கு அப்படியும் இருக்குமோ என்றுதான் தோன்றும் என்று கோமளாவுக்குப் பட்டது. ஷெட்டில் இறக்கியவன் பூபாலன். காசு வாங்கியவனும் அவன். மேனேஜர் லேபிள் கேட்டதைக் கண்டவர் யாரும் இல்லை; ஞாயிற்றுக்கிழமை அவன் கிழிக்கச் சொன்னதைக் கேட்டதும் அவள்தான்.

"பில்லு மொத்தமா நிக்கட்டும்," என்றார் சென்னியப்பன். "ரெண்டு டிசி தீராம ஒரு மாசக் கணக்கும் நகராது. உங்கூட்டுக்காரர வரச் சொல்லு."

ஆபீஸ் போனிலிருந்தே கூப்பிட்டாள். "பில்லுல ரெண்டையும் சேத்துட்டனுங்க. கம்பெனிலதான் இருக்கறேன். வாங்க," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் லைன் அறுந்தது.

வருவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தாலும் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. எதிரே அருள்குமார் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சாதாரணமாகத்தான் இருந்தான்.

கையில் மசி அப்பியபடியே பூபாலன் வந்து நின்றான். மனைவியைப் பார்க்கவில்லை. அருள்குமாரையும் பார்க்கவில்லை. சென்னியப்பனிடம், "சாமி, லேபிள் அடிச்சது நாந்தானுங்க. எறக்குனதும் நாந்தான். எங்கன்னு வாயில சொன்னா நம்ப மாட்டீங்க. வண்டி எடுங்க, காட்டறேன்," என்றான்.

அருள்குமாரின் கால் நின்றது. "வேலய உட்டுட்டு எங்க போறது? ஷிப்மென்ட் இருக்குதுங்க," என்று எழுந்தான்.

"நீங்களும் வாங்க, மேனேஜர்," என்றார் சென்னியப்பன். குரலில் இப்போது வேறு ஒரு சந்தேகம் இருந்தது.

கம்பெனி வேனில் நாலு பேரும் போனார்கள். சோமனூர் ரோட்டு ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வடநாட்டுப் பையன்கள் கம்பெனியின் கட்டிங் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய துணிக்கட்டுகளைப் பிரித்து, கழுத்தில் அந்த லேபிளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அருள்குமார் கணக்கில் கட்டிங் வேஸ்ட் என்று எழுதிக் கடத்திய துணி அது. சென்னியப்பன் ஒரு பனியனை எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலாளிக்குப் போன் போட்டார். அருள்குமார் வெளியே தண்ணி குடிக்கப் போனவன்தான், திரும்பி வரவில்லை.

பில் திரும்பி வந்தது. ரத்து செய்துவிட்டு, அந்த இரண்டு டிசி இல்லாமல் புது பில் போடச் சொன்னார்கள். கேன்சல் போட, ஷெட்டில் கிடைத்த வெள்ளை, மஞ்சள் தாள்களைச் சென்னியப்பனே கொடுத்தனுப்பினார். பணம் பாக்கியில்லாமல் வந்தது. ஆனால் அடுத்த மாதம் லேபிள் ஆர்டரில் பாதி வேறொருவனுக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை. மேனேஜரோடு சேர்ந்து திருடியவர்கள்தானே என்று கேட் வாட்ச்மேன் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

அருள்குமார் கையில் கொடுத்த காசைப் பூபாலன் எண்ணிக் கொண்டுபோய்ச் சென்னியப்பன் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். வந்ததும் கோமளாவைக் கேட்டான், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?"

கை கழுவப் போனான். தொட்டிப் பக்கம் நின்றபடியே, "அதுக்கு மொத மாசமும் ஒருக்கா அடிச்சுக் குடுத்தேன்," என்றான். "அப்ப டிசியே போடல. வழில செக்கிங்ல புடிச்சாக் காட்டறதுக்குத் தாள் வேணும்னுதான் அவரே அடுத்த தடவ போடச் சொன்னாரு."

டிசி போடாத சரக்கு எந்தப் பில்லிலும் வராது, எந்தப் பதிவேட்டிலும் நிற்காது. அவன் வாயைத் திறந்திருக்காவிட்டால் அது அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

"வேற இருக்குதுங்களா?"

"இல்ல."

கோமளா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொன்னவன் பொய் சொன்ன மாதிரியும் இல்லை, சொல்லாத மாதிரியும் இல்லை. பிறகு ஷெட்டுக்குள் போய், அலமாரியில் இருந்த, லேபிள் அடிக்கும் சாட்டின் துணிச் சுருள்களை இறக்கி, எத்தனை வாங்கினோம், பில்லில் எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று அளக்க ஆரம்பித்தாள். பூபாலன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்று பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, சுருளின் அந்த முனையைப் பிடித்துக் கொடுத்தான்.