திருப்பிச் சொல்லக் கேட்காதவன்

வானொலியில் பேச மனிதனுக்கு முந்நூறு வார்த்தை போதும் என்பான் செபாஸ்தியான். விமானக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் கொளஞ்சியப்பனை வறுத்தெடுத்த வாத்தியார் அவன். காதில் இரைச்சல் நாடாவை ஓடவிட்டு, மூன்று விமானங்களின் குரலை ஒரே நேரத்தில் கொடுத்து, பின்னால் நின்று திட்டுவான். மண்டல் கலவரம் நடந்த வருஷம் அது. திட்டுவதற்கு ஊரெல்லாம் கிடைத்த வார்த்தை அவனுக்கும் கிடைத்தது.

"கோட்டால வந்தவனே, கொரல் நடுங்குது பாரு. மேல பறக்கிறவன் ரஷ்யாக்காரனா இருப்பான், ஜப்பான்காரனா இருப்பான். ஒன் அழகான இங்கிலீஷ் எவனுக்கு வேணும்? ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம், அத மட்டும் சொல்லு."

ஒரு தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி கிட்டத்தட்ட அறுநூறு பேர் செத்த கதையை அவன்தான் சொன்னான். கிளம்ப அனுமதி கிடைத்துவிட்டதாக ஒரு விமானி நினைத்துக்கொண்டான். அதன் பிறகு, 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்று ஆக்கிவிட்டார்கள்.

"'ரோஜர்'னா காதுல விழுந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ஒயரத்த அவன் வாயால திருப்பிச் சொல்லணும். சொல்லலன்னா 'ரீட் பேக்'னு கேளு. பத்து வாட்டி கேளு."

கொளஞ்சியப்பன் எல்லாவற்றிலும் தேறினான். வடக்கனந்தல் காலனியில் இருந்து வந்தவனுக்குத் திட்டு வாங்குவது புதிதா என்ன? தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே ரேடார் கிடையாது. விமானி சொல்வதும் இவன் சொல்வதும்தான் கண்.

தனியாக உட்கார்ந்த முதல் மாதத்தில், ஒரு மழைக்கால மத்தியானம், கல்வராயன் மலைக்கு மேலிருந்து ஒரு பயிற்சி விமானம் கூப்பிட்டது. கீழே மேகம் மூடிவிட்டதாம், இரண்டாயிரம் அடிக்கு இறங்க அனுமதி வேண்டுமாம். குரலைக் கேட்டதும் கொளஞ்சியப்பனுக்கு முதுகு நிமிர்ந்தது. பண்ணை வீட்டுத் தீனதயாளன். விமானம் ஓட்டப் படிக்கிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சின்னவர். அந்த நிலத்தில்தான் கொளஞ்சியப்பனின் அப்பா பச்சமுத்து ஆயுசு முழுக்கக் குனிந்து கிடந்தார்.

இரண்டாயிரம் அடி என்றால் நேராக மலைக்குள். "நெகட்டிவ். மெயின்டெய்ன் சிக்ஸ் தவுசண்ட்" என்றான் கொளஞ்சியப்பன். குரல் நடுங்கவில்லை.

"ரோஜர், ரோஜர்" என்று எரிச்சலோடு பதில் வந்தது. உயரத்தைச் சொல்லவில்லை, விமானத்தின் பெயரையும் சொல்லவில்லை.

விரல் பொத்தானுக்குப் போனது. 'ரீட் பேக்' என்று கேட்க வேண்டும். அந்தச் சொல்லில் ஒரு 'ங்க' சேர்க்க இடமில்லை. பண்ணையில் 'சரி சரி' என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எந்த மடைக்குத் தண்ணீர் என்று ஒருநாள் பச்சமுத்து இரண்டாம் தடவை கேட்டதற்கு, பத்து வயசுத் தீனதயாளன் செருப்பைக் கழற்றி அவர் வாயில் அடித்தான். மகன் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அவனுடைய விரல் பொத்தானை விட்டு விலகியது.

அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை. மறுநாள் மலைக்காரர்கள்தான் உடைந்த இறக்கையைக் கண்டார்கள்.

விசாரணையில் உண்மை வந்தது. இவன் பேசிய அதே நொடியில் வேறொரு விமானமும் பேசியிருக்கிறது. தீனதயாளன் காதில் வெறும் கீச்சொலிதான் விழுந்திருக்கும் என்றார்கள். அனுமதி கிடைத்ததென்று எடுத்துக்கொண்டு இறங்கினானே தவிர, இன்னொரு தரம் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டுப் பழகாத வீடு. திருப்பிச் சொல்லச் சொல்லி இவனும் கேட்கவில்லை.

"ஏன் ரீட் பேக் கேட்கவில்லை?" என்றார் அதிகாரி.

"பயம் சார்."

அதிகாரி நம்பவில்லை. செத்தவனின் குடும்பமும் நம்பவில்லை, பழி தீர்த்துவிட்டான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வேலை போயிற்று. ஊருக்கு வந்து பஸ்ஸில் இருந்து இறங்கினால் காலனிப் பையன்கள் பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டார்கள், டீக்கடையில் காசு வாங்கவில்லை. அவனுக்கு அது முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெட்டியைத் திருப்பி வாங்கித் தானே தூக்கிக்கொண்டான்.

வீட்டில் பச்சமுத்து கதவைச் சாத்தினார். அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை மகன் பார்த்ததே இல்லை.

"யாராண்டயும் சொல்ல மாட்டேன். எங்கிட்ட மட்டும் சொல்லு. வேணும்னுதான வுட்ட?"

"இல்லப்பா. திருப்பிக் கேக்கப் பயந்துக்கினு இருந்துட்டேன்."

பச்சமுத்து கதவைத் திறந்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"நீயுமா" என்று சொல்லிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பண்ணை வீட்டில் சின்னவர் திதிக்கு விறகு பிளக்கக் கிளம்பினார்.